குல் ஹுவல்லாஹு அஹத்: பதினைந்து சொற்களின் பொருளும் அவை தமிழ் நாவில் படும் பாடும்

வன்னியில் ஒரு குர்ஆன் மத்ரஸாவின் அஸர் நேர வகுப்பில், அல்ஹம்து சூறாவை முடித்த பிள்ளை அடுத்துப் பாடமாக்குவது பெரும்பாலும் குல் ஹுவல்லாஹ் சூறாவைத்தான். அந்தப் பிள்ளை ஓதுவதைக் காதில் விழுந்தபடியே எழுதினால் பல சமயம் இப்படி இருக்கும்:

குல் ஹுவல்லாஹு அஹது. அல்லாஹு ஸமது. லம் யலிது வலம் யுலது. வலம் யகுன் லஹு குபுவன் அஹது.

பெரியவர்கள் பலர் ஓதுவதும் இதிலிருந்து அதிகம் வேறுபடாது. சாளம்பைக்குளமானாலும் முசலியானாலும் தண்ணீரூற்றானாலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாக்கு ஒரே இடங்களில்தான் வழுக்குகிறது. அரபு எழுத்துப் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறு புத்தகத்தைப் பார்த்துப் பாடமாக்கியிருந்தால் வழுக்கல் இன்னும் உறுதியாகிவிடும். ஒரு நாளில் பத்துக்கும் மேற்பட்ட தடவை ஓதப்படும் சூறா என்பதால் ஒரு பிழை ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான தடவை திரும்பி வருகிறது. பொருளிலும் இதே மாதிரியான சிக்கல் உண்டு. இந்தச் சூறாவுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் தமிழ்ச் சொற்கள் மூன்று, இன்றைய பேச்சுத் தமிழில் வேறு அர்த்தத்துக்கு இழுத்துப் போகின்றன. எனவே ஒலியையும் பொருளையும் சேர்த்தே, சொல் சொல்லாகப் பார்க்கலாம்.

குர்ஆனில் இது 112ஆவது அத்தியாயம். இன்று நாம் கையில் வைத்திருக்கும் பிரதிகளில் நான்கு வசனம், பதினைந்து சொல். மக்கா, சிரியா நாட்டுப் பழைய கணக்கில் மூன்றாம் வசனத்தை இரண்டாகப் பிரித்து ஐந்து என்று எண்ணுவார்கள். சொற்களில் மாற்றம் இல்லை. இஹ்லாஸ் என்று பெயர் இருந்தாலும் அந்தச் சொல் சூறாவுக்குள் எங்கும் வராது. இஹ்லாஸ் என்றால் கலப்பை நீக்கித் தூய்மையாக்குதல். இறைவனைப் பற்றிய எண்ணத்தில் கலந்துள்ளவற்றை இந்த நான்கு வசனங்களும் நீக்குவதால் பெயர் அப்படி அமைந்தது.

இறங்கிய காரணமாக உபை இப்னு கஃப் (றழி) வழியாக வரும் அறிவிப்பு ஒன்றை திர்மிதியும் அஹ்மதும் பதிவு செய்திருக்கிறார்கள். இணைவைத்தோர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, "உம்முடைய இறைவனின் வம்சத்தை எங்களுக்குச் சொல்லும்" என்று கேட்டார்கள். அன்றைய அரபியருக்கு ஒருவனை அறிவதென்றால் அவன் யாருடைய மகன், எந்தக் கோத்திரம், யாருக்குச் சமமானவன் என்று அறிவதுதான். இதை நமக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. புதிய ஆள் ஒருவர் ஊருக்கு வந்தால் நாமும் முதலில் கேட்பது "ஆருடைய மகன், எந்த ஊர்" என்பதுதானே. அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதில். கேள்வியை நினைவில் வைத்துக்கொண்டால் மூன்றாம் வசனம் ஏன் பிறப்பைப் பற்றியும், நான்காம் வசனம் ஏன் சமநிலையைப் பற்றியும் பேசுகின்றன என்பது தானாக விளங்கும்.

சொல்

முதற்சொல் குல். பொருள்: சொல்லும், அல்லது சொல்வீராக. அல்லாஹ் தன் தூதருக்கு இட்ட கட்டளை இது. சாதாரணமாக ஒருவரிடம் "போய் வீட்டுக்காரரிடம் சொல், நாளை வருகிறேன்" என்று அனுப்பினால், அவர் வீட்டுக்குப் போய் "நாளை வருகிறாராம்" என்பார்; "சொல்" என்ற சொல்லைச் சொல்லமாட்டார். நபியவர்கள் அதை விடவில்லை. தமக்கு வந்த கட்டளைச் சொல்லையும் சேர்த்து அப்படியே ஒப்படைத்தார்கள். ஆகவே ஓதும்போது குல்லை விட்டுவிட்டு "ஹுவல்லாஹு அஹத்" என்று தொடங்குவது வசனத்தில் ஒரு சொல்லைக் குறைப்பதாகும்.

இங்கேதான் முதல் வழுக்கலும். அரபியில் இந்தச் சொல்லின் முதலெழுத்து பெரிய காஃப். நாக்கின் அடிப்பகுதி எழும்பி, உள்நாக்கை ஒட்டிய மென்மையான அண்ணத்தைத் தொட்டு விடும்போது வருவது. சின்னக் காஃப் அதற்குச் சற்று முன்னே பிறக்கிறது. குளம் என்று சொல்லும்போது நமக்கு வரும் க அதுதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. சின்னக் காஃபில் "குல்" என்றால் அரபியில் "உண்" என்று அர்த்தம். "சொல்" என்ற கட்டளை "சாப்பிடு" ஆகிவிடுகிறது. கண்டுபிடிக்க எளிய வழி: குளம் என்று ஒரு தடவை, குல் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் க ஒரே மாதிரி ஒலித்தால் குல் பிழை. சரியான குல்லில் ஒலி தொண்டைப் பக்கத்தில் கனமாக, வாய் நிறைந்து வரும்.

ஒருவன் என்றால் எந்த ஒருவன்

அடுத்து "ஹுவல்லாஹு அஹத்". ஹுவ என்றால் அவன். நீங்கள் கேட்டீர்களே, அவன். அவன் அல்லாஹ், அஹத்.

அஹத் என்பதை "ஒருவன்" என்று மொழிபெயர்ப்பது பரவலான வழக்கம். ஆனால் "ஒருவன் வந்தான்" என்றால் யாரோ ஓர் ஆள் வந்தான் என்றுதான் தமிழில் விளங்கும். அத்தோடு ஒருவன் என்பது எண்ணிக்கைச் சொல். அடுத்து இருவர், மூவர் என்று போக இடம் தரும். அரபியில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கு வாஹித் என்ற சொல் தனியாக இருக்கிறது. அல்லாஹ்வை வாஹித் என்றும் குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. ஆனால் இந்தச் சூறாவில் அஹத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அஹத் பகுபடாத ஒருமை; பாகங்கள் சேர்ந்து ஆன ஒன்றல்ல, வரிசையில் முதலாவதாக நிற்கும் ஒன்றும் அல்ல. எதிர்மறையிலும் கேள்வியிலும் "ஒருவரும் இல்லை", "யாராவது உண்டா" என்று அஹத் சாதாரணமாக வரும். உடன்பாட்டு வாக்கியத்தில், தனியே நின்று ஒருவரை வர்ணிக்கும் சொல்லாக அது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்று மொழியறிஞர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். ஏகன், அல்லது ஏகனே ஒருவன் என்பது தமிழில் கிட்ட வரும். "ஒருவன்" என்றே சொல்வதானால் ஏகாரத்தை விடக்கூடாது: அவன் ஒருவனே.

மக்காவில் அடிமையாக இருந்த பிலால் (றழி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி வதைத்தபோது அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது இந்தச் சொல்தான்: அஹத், அஹத்.

இதில் இரண்டு எழுத்தைக் கவனிக்க வேண்டும். நடுவில் வரும் ஹ, பெரிய ஹா. தொண்டையின் நடுப்பகுதியை இறுக்கி, கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல் உரசி வரும். ஹுவ என்பதில் வருவது சின்ன ஹா. அது தொண்டையின் அடியிலிருந்து இலேசாக வரும். முதல் வசனத்திலேயே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட்டுப் பழக வசதியான இடம் இது.

மற்றது கடைசி எழுத்தான தால். இந்தச் சூறாவில் தால் ஐந்து இடத்தில் வருகிறது: அஹத், ஸமத், யலித், யூலத், மீண்டும் அஹத். ஒவ்வொரு வசனத்திலும் நிறுத்தி ஓதும்போது ஐந்தும் உயிரில்லாத மெய்யாகிவிடும். அப்போது அதைக் கல்கலாவோடு ஓத வேண்டும். அதாவது நாக்கு நுனி மேல்பல்லின் வேரில் அடித்து உடனே விட, ஒலி சிறிது துள்ள வேண்டும். ஆனால் துள்ளல் ஓர் உயிரெழுத்தாக மாறக்கூடாது.

தமிழ் நாவுக்கு இது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்குக் காரணம் நம்முடைய இலக்கணத்திலேயே இருக்கிறது. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அது, காடு, பாட்டு, நாக்கு என்று வல்லினம் வந்தால் பின்னால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில்தான் அஹத் அஹதுவாகிறது, ஸமத் ஸமதுவாகிறது. மேலே எழுதிக் காட்டிய பிள்ளையின் ஓதலில் ஐந்து தாலும் உகரம் ஏறி நிற்பதைத் திரும்பிப் பார்க்கலாம். இதைத் திருத்தப் போகிறவர் சிலவேளை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார். உகரத்தை வெட்டும் அவசரத்தில் காற்றோடு "த்" என்று அழுத்த, அது தாலாக இல்லாமல் தா எழுத்தாகிவிடும்.

உள்ளங்கையை வாய்க்கு முன்னே பிடித்து அஹத் என்று நிறுத்திப் பார்த்தால் இரண்டு பிழையும் தெரியும். கையில் காற்று பட்டால் அது தால் அல்ல. காற்றுப் படாமல், உதடு குவிந்தால் உகரம் ஒட்டியிருக்கிறது. உதடு அசையாமல், காற்றும் படாமல், அது என்று சொல்லும்போது வரும் மெல்லிய த-வின் ஒலி துள்ளி நின்றால் சரி.

தேவையற்றவன் என்று சொல்லலாமா

"அல்லாஹுஸ் ஸமத்." இரண்டே சொல். சூறாவில் ஆகக் கடினமான சொல் ஸமத். குர்ஆன் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது.

தமிழில் இதற்குத் "தேவையற்றவன்" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. எழுதியவர்கள் கருதியது, தனக்கென்று எந்தத் தேவையும் இல்லாதவன் என்பது. ஆனால் இன்று "தேவையற்ற கதை", "தேவையற்ற செலவு" என்றால் வேண்டாத கதை, வேண்டாத செலவு. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று "அல்லாஹ் தேவையற்றவன்" என்று வாசித்தால் அதற்கு என்ன விளங்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். "தேவைகளற்றவன்" என்று பன்மையில் எழுதுவது அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் அது பாதிப் பொருள்தான்.

ஆரம்பகால விரிவுரையாளர்கள் ஸமதுக்குத் தந்த விளக்கங்கள் இரண்டு பக்கமாக நிற்கின்றன. இப்னு அப்பாஸ் (றழி) போன்றோர் வழியாக வருவது, தலைமையில் நிறைவு பெற்ற தலைவன், எல்லோரும் தம் தேவைக்கு நாடிச் செல்பவன் என்ற விளக்கம். சொல்லின் வேரும் அதற்கு இடம் தருகிறது. ஸமத என்றால் ஒன்றை நோக்கிப் போதல். முஜாஹித் முதலானோர் சொன்னது, உள்ளே வெற்றிடம் இல்லாதவன் என்பது. உள்ளே வெற்றிடம் உள்ளது நிரப்பப்பட வேண்டும். வயிற்றுக்கு உணவு, நெஞ்சுக்கு மூச்சு. அல்லாஹ் உண்பதில்லை, பருகுவதில்லை, அவனிடம் நிரப்பப்பட வேண்டியது எதுவும் இல்லை. இக்ரிமா இன்னொரு வகையாகச் சொன்னார்: அவனிலிருந்து எதுவும் பிரிந்து வெளிவருவதில்லை. இந்த விளக்கம்தான் அடுத்த வசனத்துக்குப் பாலமாகிறது, ஏனென்றால் பிள்ளை பெறுவதென்பது ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து வருவது.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்: அவனுக்கு யாரும் தேவையில்லை, எல்லோருக்கும் அவன் தேவை. வன்னியில் குளத்தை நம்பி வயல் இருக்கிறது. குளம் மழையை நம்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்த்து நிற்கிறது. அந்த வரிசை எங்கே போய் முடிகிறதோ, யாரைப் பார்த்து எல்லாம் நிற்க அவன் எதையும் பார்த்து நிற்பதில்லையோ, அவன் ஸமத். ஒரு சொல்லால் தர வேண்டுமென்றால் "எல்லோரும் நாடிச்செல்லும் தேவைகளற்றவன்" என்று நீட்டி எழுதுவதே நேர்மை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஸமத் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு விளக்குவது இன்னும் நல்லது.

அஹதுக்கு முன் "அல்" இல்லை, ஸமதுக்கு முன் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். கோத்திரத் தலைவனையும் அரபியர் ஸமத் என்று அழைப்பதுண்டு. ஆகவே அல் சேர்த்து, உண்மையான, முழுமையான ஸமத் இவனே என்று வரையறுக்க வேண்டியிருந்தது. உடன்பாட்டில் அஹத் வேறு யாருக்கும் பொருந்தாது. அதற்கு வரையறை தேவைப்படவில்லை என்று இப்னு தைமிய்யா விளக்குகிறார்.

ஓதும்போது அந்த "அல்"லின் லாம் ஒலிக்காமல் ஸாதோடு கலந்து ஸாத் இரட்டிக்கும்: அல்லாஹுஸ் ஸமத். "அல்லாஹு ஸமது" என்று ஓதும் பிள்ளை இரட்டிப்பை விட்டுவிடுகிறது. அதோடு அந்த "அல்"லும் போய்விடுகிறது. இந்த ஸ கனமான ஸாத். நாக்கின் பின்பகுதி மேலெழும்ப, வாய் நிறைந்து வரும். சாதாரண ஸீனில் ஓதினால் சொல்லின் வேரே மாறிவிடும். குர்ஆனில் 53ஆவது சூறாவின் கடைசிப் பகுதியில் ஸீனோடு அந்த வேர் வருகிறது: ஸாமிதூன், வேடிக்கையில் மூழ்கி அலட்சியமாக இருப்போர்.

முதல் வசனத்தையும் இரண்டாம் வசனத்தையும் ஒரே மூச்சில் சேர்த்து ஓதுகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். சேர்த்தால் "அஹதுனில்லாஹுஸ் ஸமத்" என்று வரும். இடையில் ஒரு "னி" பிறக்கும். அந்த இகரத்துக்குப் பின் வருவதால் அல்லாஹ் என்ற பெயரின் லாம் கனம் இழந்து மெலிதாகும். "அஹதுன் அல்லாஹு" என்பது சேர்த்ததும் அல்ல, நிறுத்தியதும் அல்ல. வசனத்துக்கு வசனம் நிறுத்தி ஓதுவதே நபியவர்களின் ஓதல் முறையாக உம்மு ஸலமா (றழி) அறிவித்திருக்கிறார்கள். பழகாதவருக்கு அதுவே பாதுகாப்பும்.

பெறவில்லை, பெறப்படவில்லை

"லம் யலித் வலம் யூலத்." வழக்கமான மொழிபெயர்ப்பு: அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை. இங்கே பெறு என்பது தமிழில் இரட்டைப் பொருள் தருகிறது. "சம்பளம் பெறவில்லை" என்பதும் பெறுதல்தான். பிள்ளை என்ற சொல்லைச் சேர்த்தால் குழப்பம் தீரும்: அவன் பிள்ளை பெற்றவனல்லன், எவருக்கும் பிள்ளையாகப் பிறந்தவனுமல்லன்.

முதலில் பிள்ளையை மறுத்து, பிறகு பெற்றோரை மறுக்கும் வரிசைக்குக் காரணம் உண்டு. மலக்குகள் இறைவனின் புதல்வியர் என்று அரபியர் சொன்னார்கள். ஈஸா (அலை) அவர்களை இறைமகன் என்று கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். இறைவனுக்குத் தாய் தந்தை உண்டு என்பது அப்போது அவ்வளவாகப் பேசப்பட்ட கருத்தல்ல. ஆகவே பரவலாகச் சொல்லப்பட்டது முன்னே வந்தது. சைவரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் வன்னியில் இந்த வசனத்தைக் குத்திக்காட்டலாக யாரும் எடுத்துவிடக் கூடாது. இது "உன் இறைவனின் வம்சம் என்ன" என்ற கேள்விக்கான நேர்ப்பதில், முஸ்லிம் தன் நம்பிக்கையைச் சொல்லும் வாக்கியம்.

பிறந்தது எதற்கும் ஒரு தொடக்கம் உண்டு. பெறுவது எதற்கும் தன்னைப்போன்ற இன்னொன்று உண்டாகும். தொடக்கமும் இல்லை, தன் இனம் என்று ஒன்றும் இல்லை என்பதால் இரண்டும் மறுக்கப்படுகின்றன. முதல் வசனத்தின் அஹதும் இரண்டாம் வசனத்தின் ஸமதும் சொன்னதுதான் இங்கே விரிகிறது.

ஓதலில், யலித் இரண்டும் குறில். யூலத்தின் யூ இரண்டு மாத்திரை நெடில். "யுலது" என்று குறுக்குவதுதான் வேக ஓதலில் முதலில் தேய்ந்துபோகும் இடம். யலித்தின் தால் வசனத்தின் நடுவில் இருப்பதால் அங்கே நிறுத்தாமலே கல்கலா செய்து கடக்க வேண்டும். "யலிது வலம்" என்று உகரம் ஏறுவது அங்கேதான் அதிகம்.

கடைசியில் மீண்டும் அஹத்

"வலம் யகுன் லஹூ குஃபுவன் அஹத்." அவனுக்கு நிகராக ஒருவரும் இல்லை. குஃபு என்பதும் குர்ஆனில் இங்கே மட்டும் வரும் சொல். திருமணச் சட்டத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தகுதியில் பொருந்துகிறாரா என்று பார்ப்பதற்கு கஃபாஅத் என்பார்கள், அதே வேர். சமதரம், ஈடு, ஜோடி என்ற எண்ணம் அதில் இருக்கிறது. வம்சம் கேட்டவர்களுக்கு, சம்பந்தம் பேசுவதற்குரிய சொல்லாலேயே பதில் முடிகிறது.

முதல் வசனம் முடிந்த அதே அஹதில் சூறாவும் முடிகிறது. முதலாவதில் அது அல்லாஹ்வைப் பற்றியது, ஏகன். கடைசியில் அது மற்ற அனைவரையும் பற்றியது, ஒருவர்கூட இல்லை. ஒரே சொல் இரண்டு ஓரத்திலும் நின்று, ஒரு பக்கம் நிலைநாட்டி மறுபக்கம் மறுக்கிறது. இதைத் தெரிந்து ஓதுகிறவருக்கு இரண்டு அஹதும் ஒரே மாதிரிக் காதில் விழாது.

யகுன் என்பதன் ன், அடுத்து லாம் வருவதால் மூக்கொலி இல்லாமல் அதில் கரைந்துவிடும்: யகுல்லஹூ. லஹூ இரண்டு மாத்திரை. குஃபுவனில் உதடும் பல்லும் சேரும் ஃப, பகரம் அல்ல. அதன் கடைசி ன் அஹதின் முன் தெளிவாக ஒலிக்க வேண்டும். ஆக, திருத்திய பிறகு அந்தப் பிள்ளையின் ஓதலைத் தமிழ் எழுத்து அனுமதிக்கும் அளவுக்கு எழுதினால்: குல் ஹுவல்லாஹு அஹத். அல்லாஹுஸ் ஸமத். லம் யலித் வலம் யூலத். வலம் யகுல்லஹூ குஃபுவன் அஹத். பெரிய காஃபையும் பெரிய ஹாவையும் ஸாதையும் இந்த வரியால்கூடக் காட்ட முடியவில்லை. ஓதத் தெரிந்த ஒருவரின் வாயைப் பார்த்துத்தான் பழக வேண்டும். தமிழ் எழுத்துப் புத்தகம் ஞாபகத்துக்கு மட்டும்.

ஏன் இவ்வளவு தடவை

சுன்னத்தான நேரங்களைப் பேணும் ஒருவரின் ஒரு நாளை எண்ணிப் பார்க்கலாம். ஸுப்ஹுக்கு முந்திய சுன்னத்தின் இரண்டாம் றக்அத்தில் ஒரு தடவை, மஃரிபுக்குப் பிந்திய சுன்னத்தில் ஒரு தடவை, வித்ரின் கடைசி றக்அத்தில் பலக், நாஸ் சூறாக்களோடு ஒரு தடவை. காலையில் மூன்று, மாலையில் மூன்று. இது அப்துல்லாஹ் இப்னு குபைப் (றழி) அறிவிப்பு. லுஹர், அஸர், இஷாவுக்குப் பின் ஒவ்வொரு தடவை ஓதுவோர் பலர். தூங்கும் முன் மூன்று. கூட்டினால் பதினைந்து. ஹஜ்ஜிலும் உம்றாவிலும் தவாபுக்குப் பிந்திய இரண்டு றக்அத்திலும் இதற்கு இடமுண்டு.

தூங்கும் முன் ஓதும் முறையை ஆயிஷா (றழி) விவரித்திருக்கிறார்கள். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அதில் இலேசாக ஊதி, இஹ்லாஸ், பலக், நாஸ் மூன்றையும் ஓதி, தலை, முகம், உடலின் முன்பக்கம் என்று தொடங்கிக் கை எட்டுமிடமெல்லாம் தடவ வேண்டும். இப்படி மூன்று தடவை. ஓதலை மூன்றாக்கித் தடவலை ஒன்றோடு முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிவிப்பில் முழுச் செயலும்தான் மூன்று தடவை.

இத்தனைக்கும் அடிப்படை, புகாரியில் அபூ ஸயீத் அல்குத்ரீ (றழி) வழியாக வரும் செய்தி. ஒருவர் இரவில் இந்தச் சூறாவையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தார். கேட்டவருக்கு அது அற்பமாகத் தோன்ற, காலையில் நபியவர்களிடம் சொன்னார். "என் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவன்மீது ஆணையாக, அது குர்ஆனின் மூன்றில் ஒன்றுக்குச் சமம்" என்றார்கள்.

மூன்றில் ஒன்று எப்படி? அறிஞர்கள் தந்த விளக்கங்களில் உறுதியானது, குர்ஆனின் உள்ளடக்கத்தை மூன்றாகப் பார்ப்பது: ஒன்று சட்டங்கள்; இரண்டு வாக்குறுதி, எச்சரிக்கை, வரலாறுகள்; மூன்று இறைவனைப் பற்றிய அறிவு. இந்தச் சூறா மூன்றாவது பகுதியைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. சட்டம் இல்லை, கதை இல்லை, சுவர்க்கம் நரகம்கூட இல்லை.

அப்படியானால் மூன்று தடவை ஓதினால் முழுக் குர்ஆனையும் ஓதிய கணக்கா? இங்கேதான் பெரிய தவறு நேர்கிறது. நன்மையில் சமம் என்பது வேறு, ஒன்றுக்குப் பதிலாக நிற்பது வேறு. ஒரு மூடை நெல்லும் ஒரு போத்தல் மருந்தும் ஒரே விலையாக இருக்கலாம். காய்ச்சல்காரருக்கு நெல்லைக் கொடுத்து முடியாது. குர்ஆனை முழுதாக ஓதுவதாக நேர்ச்சை வைத்தவர் இதை மூன்று தடவை ஓதி அதை முடிக்க முடியாது. தொழுகையில் அல்ஹம்துவை விட்டுவிட்டு இதை எத்தனை தடவை ஓதினாலும் அந்த றக்அத் சேராது. இறைவனைப் பற்றிய அறிவு இதில் கிடைத்தாலும் வாரிசுப் பங்கையோ நோன்பின் சட்டத்தையோ தெரிந்துகொள்ள மற்றச் சூறாக்களுக்குத்தான் போக வேண்டும்.

பத்துத் தடவை ஓதினால் சுவர்க்கத்தில் ஒரு மாளிகை என்ற அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் அறிஞர்கள் குறை கண்டிருக்கிறார்கள். துணை அறிவிப்புகளால் ஏற்றுக்கொண்டோரும் உண்டு. நூறு, ஆயிரம் என்று கைத்தொலைபேசியில் சுற்றும் எண்ணிக்கைகளை அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. மூன்று தடவை நிதானமாக ஓத ஒரு நிமிடம் போதும். ஆயிரத்தை முடிக்க அவசரப்படுகிற நாவில் முதலில் போவது யூலத்தின் நெடிலும் ஐந்து தாலும்தான்.

எண்ணிக்கைக்கு அப்பால், விருப்பத்தினாலேயே இதைத் திரும்பத் திரும்ப ஓதிய இருவரைப் பற்றிய செய்தி இருக்கிறது. படை ஒன்றுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர், தொழுவிக்கும்போதெல்லாம் தன் ஓதலை இந்தச் சூறாவோடு முடித்தார். காரணம் கேட்டபோது, "இது அர்ரஹ்மானின் வர்ணனை, இதை ஓத எனக்கு விருப்பம்" என்றார். அல்லாஹ்வும் அவரை நேசிப்பதாக அவரிடம் சொல்லும்படி நபியவர்கள் கூறினார்கள். குபா பள்ளிவாசலில் தொழுவித்த இன்னொருவர் ஒவ்வொரு றக்அத்திலும் இதை முதலில் ஓதி, பிறகு வேறு சூறா ஓதினார். பின்னால் நின்றவர்கள், இதைமட்டும் ஓதும் அல்லது இதை விட்டுவிடும் என்று முறையிட்டார்கள். அவர் மாற மறுத்தார். அதன் மீதுள்ள நேசம் அவரைச் சுவர்க்கத்தில் சேர்க்கும் என்று நபியவர்கள் சொன்னார்கள்.

பிழையாக ஓதித் தொழுத தொழுகைகள் என்னாகும் என்று, இதையெல்லாம் கேட்ட மூத்தவர்கள் கவலைப்படுவதுண்டு. இலங்கையில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அல்ஹம்து சூறா கட்டாயமான பகுதி. அதன்பின் ஓதும் சூறா சுன்னத். தெரியாமல் அல்லது நாக்குத் தவறி இஹ்லாஸில் வந்த பிழையால் தொழுகை முறியாது. பழைய தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை. திருத்தத் தொடங்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கவும் வேண்டாம். ஐந்து இடத்தில் வரும் தால் சரியானால் சூறாவின் பாதி ஒலி சரியாகிவிடும்; அதை ஒரு கிழமை, பிறகு குல்லின் காஃபை ஒரு கிழமை, பிறகு ஸாதை, கடைசியாகப் பெரிய ஹாவை எடுத்தால் ஒரு மாதத்தில் பழைய பழக்கம் விட்டுப்போகும். பெரிய ஹாவைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், வயதானவர்களின் தொண்டைக்கு அதுதான் ஆகப் பிந்திப் பிடிபடும்.